ஸ்லோமோஷனில் தெரிவது என் கண்ணுக்குத் தெரியாது: நடைப்போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. பல வருடங்களாக நடைப்போட்டிகளில் நடுவராக நிற்கிறேன். அண்மையில் ஒரு மாவட்டப் போட்டியில் பெண்களுக்கான 5,000 மீட்டர் நடை முடிந்ததும் ஒரு அப்பா கையில் போனுடன் என்னிடம் வந்தார். கோபமாகத்தான் வந்தார், ஆனால் மரியாதை குறையாமல் பேசினார்.

"டீச்சர், ஒரு நிமிஷம் இதைப் பாருங்க. முதல்ல வந்த பொண்ணு பறக்குது. அதுக்கு ஒரு கார்டு கூட இல்ல. எம் பொண்ணு காலைத் தரையை விட்டு எடுக்கவே இல்ல. அவளைப் போய் வெளிய அனுப்பிட்டீங்களே."

நொடிக்கு 240 படம் எடுக்கும் போன் அது. ஒவ்வொரு படமாக நகர்த்திக் காட்டினார். பின்கால் விரல் தரையை விட்ட பிறகு, முன்கால் குதிகால் தரையைத் தொடும் முன், ஏழு படங்கள். ஏழிலும் அந்தப் பெண்ணின் இரண்டு கால்களும் காற்றில்தான் இருந்தன. அவர் சொன்னது உண்மை. நான் கார்டு எழுதாததும் சரி. அவர் மகள் வெளியேற்றப்பட்டதும் சரி. இந்த மூன்றும் எப்படி ஒரே நேரத்தில் சரியாகும் என்று அன்று மைதானத்தில் நின்றபடி என்னால் விளக்க முடியவில்லை. அடுத்த போட்டிக்கு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் இந்த மடல். அவருக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு போட்டியிலும் யாராவது ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார்.

முதலில் ஒரு சின்ன மனக்குறை. சில நாளிதழ்கள் இந்தப் போட்டியை 'நடை ஓட்டம்' என்று எழுதுகின்றன. ஓடினால்தான் நாங்கள் வெளியே அனுப்புகிறோம். பெயரிலேயே ஓட்டத்தைச் சேர்த்துவிட்டால் பிள்ளைகள் பாவம்.

விதி இரண்டே வாக்கியம்தான். ஒன்று, நடப்பவரின் கால் தரையோடு தொடர்பில் இருக்க வேண்டும். அந்தத் தொடர்பு மனிதக் கண்ணுக்குத் தெரியும்படி அறுபடக் கூடாது. இரண்டு, முன்னே வைக்கும் கால் தரையைத் தொட்ட கணத்திலிருந்து, உடல் அந்தக் காலுக்கு நேர் மேலே வரும் வரை, முழங்கால் மடங்காமல் நீண்டிருக்க வேண்டும். முதலாவது பிழையைத்தான் மைதானத்தில் எல்லோரும் 'லிஃப்டிங்' என்கிறோம். இரண்டாவது 'பென்ட் நீ'.

முதல் வாக்கியத்தில் 'மனிதக் கண்ணுக்குத் தெரியும்படி' என்று இருப்பதைக் கவனியுங்கள். அது அலங்காரத்துக்கு வைத்த சொல் இல்லை. 1990களின் நடுவில் விதியைத் திருத்தியபோது தெரிந்தே சேர்த்தது. அந்த அப்பாவின் ஏழு படங்களைக் கொண்டே கணக்குப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 240 படம் என்றால் ஏழு படம் என்பது ஏறக்குறைய 0.03 நொடி. 5,000 மீட்டரை 25 நிமிடத்தில் முடிக்கும் பெண் நொடிக்கு 3.3 மீட்டர் போகிறாள். ஆக அந்த 0.03 நொடியில் அவள் காற்றில் கடந்தது பத்து சென்டிமீட்டர். அந்த நேரத்தில் உடல் மேலே எழும்பியிருக்கக்கூடிய அளவு வெறும் ஒரு மில்லிமீட்டர். பக்கத்தில் நிற்கும் நடுவருக்கு இது தெரியாது. நடுவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தவர்கள், ஏறக்குறைய 0.04 நொடி வரையிலான இடைவெளியைக் கண் பெரும்பாலும் பிடிப்பதில்லை என்கிறார்கள். அதைத் தாண்டும்போதுதான் 'ஏதோ துள்ளுகிறதே' என்று தோன்றத் தொடங்கும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 20 கிலோமீட்டரை ஒரு மணி 20 நிமிடத்தில் நடக்கும் உலகத் தரத்து ஆண் நொடிக்கு நான்கு மீட்டருக்கு மேல் போகிறார். ஓர் எட்டு ஒன்றேகால் மீட்டர் என்று வைத்தால் நிமிடத்துக்கு 200 எட்டு. அந்த வேகத்தில் ஏறக்குறைய ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் எட்டிலும் ஒரு நூலிழை இடைவெளி இருக்கத்தான் செய்யும். கேமராவை நடுவராக்கினால் போட்டியில் யாரும் மிஞ்ச மாட்டார்கள். அதனால் விதி கேட்பது, 'கால் காற்றில் இருந்ததா' என்று அல்ல; 'காற்றில் இருந்தது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்ததா' என்று. முதலில் வந்த பெண் 0.03 நொடி பறந்தாள். அது எனக்குத் தெரியவில்லை. மற்ற ஐந்து நடுவர்களுக்கும் தெரியவில்லை. ஆகவே விதிப்படி அவள் பறக்கவில்லை.

இது ஏமாற்று வேலை போலத் தோன்றலாம். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரே கண், ஒரே அளவு. வேகத்தைக் கூட்டினால் அந்த இடைவெளி நீளும், நீண்டால் மாட்டுவாய் என்பதுதான் இந்தப் போட்டியின் கடிவாளம்.

சரி, நான் நின்று எதைப் பார்க்கிறேன்? அன்று என் இடம் எதிர்ப்பக்க நேர்பாதையின் நடுவில், தடத்துக்கு வெளியே. நடப்பவர்கள் என்னைப் பக்கவாட்டில் கடந்து போக வேண்டும். எதிரே நின்று பார்த்தால் முழங்கால் எப்போதும் நேராகத்தான் தெரியும். பின்னால் நின்று பார்த்தால் எப்போதும் மடங்கியே தெரியும். கேலரியிலிருந்து பார்க்கும் உங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது இந்த இரண்டு கோணமும்தான். நான் நின்றபடிதான் பார்க்க வேண்டும். தரையோடு குனிந்தோ, படுத்தோ, பைனாகுலர் வைத்தோ பார்க்கக் கூடாது.

ஒரு பெண் நான் கவனிக்கும் 15 மீட்டருக்குள் இருப்பது நாலரை நொடிதான். அதற்குள் பதின்மூன்று, பதினான்கு எட்டுகள். இரண்டு பிழையையும் ஒரே நேரத்தில் பார்க்க முயன்றால் இரண்டும் போய்விடும். அதனால் ஒரு சுற்றில் பாதங்களை மட்டும் பார்ப்பேன், அடுத்த சுற்றில் முழங்கால்களை மட்டும். மற்ற நடுவர்கள் வேறு மாதிரி செய்யலாம். இது என் பழக்கம்.

பாதங்களைப் பார்க்கும்போது கண் போவது இரண்டு இடத்துக்கு: பின்காலின் கட்டைவிரல், முன்காலின் குதிகால். ஒழுங்காக நடப்பவரிடம் குதிகால் ஊன்றுவதும் விரல் விடுபடுவதும் ஒன்றாக நடப்பது போலத் தெரியும். பிழை வரும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு வெளிச்சம் தெரியும். அதைத் தவிர, முழு உடலும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். தலை மேலும் கீழும் ஆடும். தோள்கள் காதை நோக்கி ஏறும். முன்னே வரும் முழங்கால், தரையை ஒட்டிச் சறுக்கி வராமல், சைக்கிள் மிதிப்பது போல உயரும். இவற்றைப் பார்த்ததுமே நான் கார்டு எழுதுவதில்லை. தோள் தூக்கி நடக்கும் சிலருடைய பாதம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். தோள் சொல்வது, 'இவளுடைய பாதத்தைப் பார்' என்று மட்டும்தான்.

லிஃப்டிங் எப்போது வரும் என்பதும் அனுபவத்தில் தெரிந்துவிடும். தொடக்கத்தில் கும்பலோடு புறப்படும்போது, ஒருவரை முந்தும்போது, இறக்கத்தில், கடைசிச் சுற்றில். எல்லாமே வேகம் திடீரென்று ஏறும் இடங்கள்.

முழங்கால் வேறு கதை. அது மெதுவாக வரும், களைப்போடு வரும். நான் பார்க்கத் தொடங்குவது குதிகால் தரையைத் தொடும் கணத்தில். பார்த்து முடிப்பது இடுப்பு அந்தப் பாதத்துக்கு நேர் மேலே வரும் கணத்தில். அதற்குப் பிறகு முழங்கால் மடங்கலாம். மடங்காமல் அடுத்த காலை வீசவே முடியாது. பேப்பரில் வரும் போட்டோக்களைக் காட்டி 'பாருங்க, முட்டி மடங்கியிருக்கு' என்பவர்கள் பெரும்பாலும் காட்டுவது பின்காலை. பின்கால் எப்படி மடங்கினாலும் எனக்குக் கவலையில்லை.

பிழை இரண்டு விதமாக வரும். ஒன்று, குதிகால் ஊன்றும்போதே முழங்கால் லேசாக அரிவாள் போல வளைந்திருந்து, உடல் மேலே வரும்போதுதான் நேராகும். இரண்டாவது, நேராக ஊன்றிவிட்டு, எடை ஏறியதும் தாங்காமல் சற்றே தளரும். இரண்டாவதைப் பிடிப்பது கடினம். தொடைத் தசை ஒரு கணம் நெகிழ்வது போலத் தெரியும், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் நான் எழுத மாட்டேன். அடுத்த சுற்று வரட்டும் என்று காத்திருப்பேன்.

இப்போது அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். மூன்றாவது சுற்றில் அவளுக்கு மஞ்சள் பலகை காட்டினேன். கையடக்கமான வட்டப் பலகை அது. அதில் இரண்டு குறிகள் உண்டு: நெளிந்த அலைக்கோடு என்றால் லிஃப்டிங், ஒடிந்த கோணம் என்றால் முழங்கால். நான் காட்டியது கோணம். மஞ்சள் என்பது எச்சரிக்கை மட்டும். அது கணக்கில் சேராது. ஒரு நடுவர் ஒருவருக்கு ஒரே பிழைக்காக இரண்டாவது முறை மஞ்சள் காட்டவும் முடியாது. அடுத்து பிழையைத் தெளிவாகக் கண்டால் சிவப்பு அட்டைதான். பிழை பளிச்சென்று தெரிந்தால் மஞ்சள் காட்டாமலே சிவப்பு எழுதவும் நடுவருக்கு உரிமை உண்டு. "வார்னிங்கே கொடுக்கல" என்று சொல்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சிவப்பு அட்டையை நடப்பவரிடம் காட்ட மாட்டோம். அது தலைமை நடுவருக்குப் போகும் சிறு சீட்டு. எண், நேரம், பிழையின் குறி இருக்கும். அங்கிருந்து தடத்தோரம் இருக்கும் அறிவிப்புப் பலகையில் அவர் எண்ணுக்கு நேரே குறி விழும். ஆறாவது சுற்றில் வேறொரு நடுவரிடமிருந்து அந்தப் பெண்ணுக்கு முதல் சிவப்பு விழுந்தது. எட்டாவது சுற்றில் நான் எழுதினேன். பத்தாவது சுற்றின் முடிவில் மூன்றாமவர் எழுதினார். மூன்றும் கோணக் குறிதான். பதினோராவது சுற்றில் தலைமை நடுவர் அவள் முன்னே சிவப்புப் பலகையை நீட்டினார். இன்னும் இரண்டு சுற்றுகூட இல்லை. அவள் மூன்றாவது இடத்தில் இருந்தாள்.

இங்கே கவனிக்க வேண்டியது, நாங்கள் மூவரும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசவும் கூடாது. மற்றவர் எழுதியது அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. ஒரு நடுவர் ஒருவருக்கு ஒரு சிவப்பு அட்டைதான் எழுத முடியும். எனக்கு அவள்மேல் என்ன கோபம் இருந்தாலும், நான் பத்து முறை அவள் முழங்கால் மடங்கியதைப் பார்த்தாலும், என் பங்கு ஒன்றுதான். வெளியேற்ற மூன்று வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு இடத்தில் நின்று, தனித்தனியே பார்த்திருக்க வேண்டும். மூன்றும் ஒரே பிழையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு கோணமும் ஒரு அலையும் சேர்ந்தாலும் மூன்றுதான்.

அந்த அப்பாவிடம், "உங்க பொண்ணோட வீடியோ இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது. எட்டாவது சுற்று, நல்ல பக்கவாட்டுக் கோணம். நானே விரலால் நகர்த்தினேன். குதிகால் தரையைத் தொடுகிறது. அங்கே நிறுத்தினேன். முழங்கால் வளைந்திருந்தது. படம் படமாக நகர்த்தினேன். இடுப்பு நேர் மேலே வரும் வரை அது நேராகவே இல்லை. அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "ஆனா ரெண்டு காலும் தரையிலதானே இருக்கு, டீச்சர்" என்றார்.

அதுதான் விஷயம். அவர் அன்று முழுவதும் பாதங்களையே பார்த்திருக்கிறார். மகளுக்கு வந்த மூன்று அட்டையும் முழங்காலுக்கு. அறிவிப்புப் பலகையில் அது எழுதியே இருந்தது. ஆனால் அதைப் பார்க்க யாரும் போகவில்லை, அவள் பயிற்சியாளர் உட்பட. ஆறாவது சுற்றில் பலகையைப் பார்த்துக் குரல் கொடுத்திருந்தால் அவள் எட்டைச் சுருக்கி, வேகத்தைக் குறைத்து, நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ முடித்திருக்கலாம்.

வெளியேற்றப்பட்ட இடத்தையும் பிழை நடந்த இடத்தையும் ஒன்றாக எண்ணுவது இன்னொரு பொதுவான தவறு. இதற்கு 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கை விட நல்ல சான்று இல்லை. செப்டம்பர் 28, பெண்கள் 20 கிலோமீட்டர். முன்னணியில் இருந்த சீனாவின் லியு ஹாங்யுவும் இத்தாலியின் எலிசபெத்தா பெரோனேவும் வழியிலேயே வெளியேற்றப்பட்டார்கள். அதன்பின் ஆஸ்திரேலியாவின் ஜேன் சாவில், தன் சொந்த நாட்டுக் கூட்டம் காத்திருக்கும் ஸ்டேடியத்துக்குள் நுழையும் சுரங்கப்பாதை வாயில் வரை முதலிடத்தில் வந்தார். அங்கே தலைமை நடுவர் அவர் முன் சிவப்பைக் காட்டினார். தங்கம் சீனாவின் வாங் லிபிங்குக்குப் போனது. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அந்தக் கடைசி எட்டு என்ன தவறு செய்தது என்று அங்கலாய்த்தார்கள். ஆனால் சாவிலின் கணக்கில் அதற்கு முன்பே இரண்டு இருந்தன. வாயிலில் வந்து சேர்ந்தது மூன்றாவது மட்டும். சிவப்புப் பலகை காட்டுவது தண்டனையை அறிவிக்கும் கணம். பிழைகள் அதற்கு முன் பல கிலோமீட்டரில் சிதறிக் கிடக்கும்.

அதே ஒலிம்பிக்கின் ஆண்கள் 20 கிலோமீட்டரில் நடந்தது இன்னும் கொடுமை. மெக்சிகோவின் பெர்னார்தோ செகுரா முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார். தன் நாட்டு அதிபரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் வெளியேற்றப்பட்டுவிட்டார் என்ற செய்தி வந்தது. தங்கம் போலந்தின் ராபர்ட் கோர்ஸெனியோவ்ஸ்கிக்கு. மூன்றாவது அட்டை தலைமை நடுவர் கைக்கு வந்து சேர்வதற்குள் அவர் நடந்து முடித்துவிட்டார். இன்று பெரிய போட்டிகளில் நடுவர்கள் கையில் சிறு கருவி இருக்கிறது. அட்டை எழுதிய நொடியில் தலைமை நடுவருக்கும் பலகைக்கும் போய்விடும். நம் மாவட்டப் போட்டிகளில் இன்னும் ஒரு பையன் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடுகிறான். அதனால் தாமதம் வரும். உங்கள் பிள்ளை முடித்த பிறகும் முடிவு மாறலாம் என்பதற்குத் தயாராக இருங்கள்.

அந்த கோர்ஸெனியோவ்ஸ்கியே 1992 பார்சிலோனாவில், 50 கிலோமீட்டரில் இரண்டாவதாக ஸ்டேடியத்துக்குள் வரும்போது வெளியேற்றப்பட்டவர். அடுத்த மூன்று ஒலிம்பிக்கிலும் அதே 50 கிலோமீட்டரில் தங்கம் வென்றார். சாவில் 2004 ஏதென்ஸில் வெண்கலம் வாங்கினார்.

இப்போது சில போட்டிகளில் தண்டனைப் பகுதி என்று ஒன்றை வைக்கிறார்கள். மூன்று சிவப்பு விழுந்ததும் உடனே வெளியேற்றாமல், ஓரமாக ஒதுக்கிய இடத்தில் நிற்க வைப்பார்கள். 5 கிலோமீட்டர் வரை என்றால் அரை நிமிடம், 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம், 20க்கு இரண்டு நிமிடம். பிறகு தொடரலாம். நான்காவது நடுவர் ஒருவரும் சிவப்பு எழுதினால்தான் வெளியே. முடிவுக்கோட்டுக்கு மிக அருகில் மூன்றாவது விழுந்தால் அந்த நேரத்தை முடிவு நேரத்தோடு கூட்டிவிடுவார்கள். 2025 டோக்கியோ உலகப் போட்டியில் 20 கிலோமீட்டர் உலக சாதனையாளரான ஜப்பானின் யமனிஷி முன்னணியில் இருந்தபோது இப்படி இரண்டு நிமிடம் நிற்க வேண்டி வந்தது. பதக்கம் போயிற்று, ஆனால் நடந்து முடித்தார். இளையவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு என்பது என் எண்ணம். ஆனால் அதற்கு நேரம் பார்க்க ஓர் ஆள், இடம், உடனுக்குடன் ஓடும் சீட்டு எல்லாம் வேண்டும். அன்றைய போட்டியில் அது இல்லை. இருந்திருந்தால் அந்தப் பெண் அரை நிமிடம் நின்றுவிட்டு முடித்திருப்பாள்.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்கவில்லை. பத்துப் பேர் கும்பலாக வரும்போது நடுவில் இருப்பவரின் கால் எனக்குத் தெரியாது. ஓரத்தில் நடப்பவர் மாட்டுவார், உள்ளே இருப்பவர் தப்புவார். மாலைப் போட்டியில் சூரியன் எதிரே இருந்தால் முழங்கால் வெறும் நிழல். முழங்காலை மூடும் கறுப்பு டைட்ஸ் போட்டு வந்தால் எதுவும் நிச்சயமில்லை. பிறவியிலேயே முழங்கால் முழுதாக நீளாத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு விதியில் சலுகை கிடையாது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. சில ஊர்ப் போட்டிகளில் நடைக்கு இரண்டே நடுவர் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அங்கே யாரையாவது வெளியேற்றினால் தாராளமாகச் சண்டை போடுங்கள். மூன்று பேர் இல்லாமல் மூன்று அட்டை எங்கிருந்து வரும்? அறிவிப்புப் பலகை வைக்காத போட்டியிலும் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

ஆனால் போனைக் கொண்டுவந்து, 'அவளுக்கு ஏன் கொடுக்கல' என்று கேட்காதீர்கள். 240 படத்தை வைத்து நான் யாருக்கும் அட்டை எழுத முடியாது. எழுதிய அட்டையை அழிக்கவும் முடியாது. போனின் இடம் பயிற்சி. அங்கே அதைவிட நல்ல கருவி இல்லை.

அந்த அப்பாவிடமும் அவள் பயிற்சியாளரிடமும் நான் சொன்னது இதுதான். அந்தப் பெண் உயரமான சீனியர்களைப் பார்த்து எட்டை நீட்டுகிறாள். குதிகால் உடலுக்கு வெகு முன்னே போய் விழுகிறது. பின்தொடைத் தசை இறுக்கமாக இருப்பதால் அவ்வளவு தூரத்தில் முழங்காலை நீட்ட முடியவில்லை. புதிதாக இருக்கும்போது இழுத்துப் பிடித்து நீட்டுகிறாள்; ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு தசை விட்டுக்கொடுக்கிறது. மூன்றாவது சுற்றில் எனக்கு லேசாகத் தெரிந்ததும், ஆறில் ஒருவருக்குத் தெளிவாகத் தெரிந்ததும் அதனால்தான். வேகத்தை எட்டின் நீளத்திலிருந்து எடுக்காமல் எண்ணிக்கையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பைச் சுழற்றினால் எட்டு பின்பக்கமாக நீளும். முன்னே எட்டிப் போட வேண்டியதில்லை. பாதத்தை ஊன்றும்போது விரல்கள் மேல்நோக்கி இருக்கட்டும். பாதம் தட்டையாக விழும்போது முழங்காலும் கூடவே தளர்வதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பின்தொடையைத் தினமும் நீட்டிவிடுங்கள். லேசான ஏற்றத்தில் நடக்க விட்டுப் பாருங்கள். சமதளத்தில் மறைந்திருக்கும் வளைவு அங்கே வெளியே வந்துவிடும்.

வீடியோவைப் பயிற்சியின் முதல் சுற்றில் எடுக்காதீர்கள். முதல் சுற்றில் எல்லோரும் அழகாகத்தான் நடப்பார்கள். கடைசி இரண்டு சுற்றில் எடுங்கள், பக்கவாட்டில், போனை இடுப்பு உயரத்தில் வைத்து. முதலில் சாதாரண வேகத்தில் ஓட விட்டுப் பாருங்கள். அதில் உங்கள் கண்ணுக்குத் தெரிவதுதான் எனக்கும் தெரியும். பிறகு வேண்டுமானால் மெதுவாக ஓட விடுங்கள்.

போட்டி முடிந்ததும் வெற்றியாளரின் வீடியோவுக்குப் பதிலாக நடுவர்களின் தொகுப்புத் தாளைக் கேளுங்கள். எந்த நடுவர், எந்த நேரத்தில், எந்தக் குறி என்று அதில் வரிசையாக இருக்கும். மஞ்சளும் இருக்கும். நெளிகோடு அதிகம் என்றால் வேகத்தைப் பாருங்கள். கோணம் அதிகம் என்றால் தசையையும் எட்டையும் பாருங்கள். பயிற்சிக் குறிப்பேட்டில் ஒட்டிவைக்க அந்தத் தாள் போதும்.

அந்த அப்பா கடைசியில் போனைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்து நடக்கவிருந்த ஆண்கள் நடைக்கு என் பக்கத்தில், ஒரு கை தள்ளி நின்று பார்க்கலாமா என்று கேட்டார். நடுவர் பகுதிக்குள் விட முடியாது என்று சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம், எனக்கு நேர் பின்னால் நின்றுகொண்டார். நான்காவது சுற்றில் ஒரு பையன் கடந்து போனதும் பின்னாலிருந்து, "முட்டி" என்று மெதுவாக ஒரு சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. என் கையில் அப்போதே மஞ்சள் பலகை இருந்தது.

இப்படிக்கு,
தடத்தோரம் நிற்கும் ஒரு நடை நடுவர்